ஒரு வகுப்புக்கு ஒரு பக்கம்: லேண்டிங் பேஜ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் வகுப்பு நடத்துபவர்களுக்கும் வீட்டில் பொருள் செய்து விற்பவர்களுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுப்பது என் வேலை. அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். பதில்களில் பெரும்பாலும் ஒரே வகுப்புத்தான் வரும். உவர்மலையில் ஒரு அக்கா தன் வீட்டு முன் அறையில் நடத்தும் ஆரி வேலை வகுப்பு அது. அவருடைய பக்கத்தை மூன்று தடவை மாற்றி எழுதினோம். எது எங்கே பிழைத்தது என்று கூடவே இருந்து பார்த்ததால் அதை வைத்துச் சொல்வது எனக்கு எளிது.

எனக்கு பேஸ்புக் பேஜ் இருக்குதே, இன்னொரு பக்கம் எதுக்கு?

பேஸ்புக்கில் உங்கள் வகுப்பு துண்டு துண்டாகக் கிடக்கும். நேரம் ஒரு போஸ்டில் இருக்கும், பிளவுஸ் படங்கள் வேறொன்றில், கட்டணம் யாரோ கேட்டதற்கு நீங்கள் போட்ட கமெண்டில். உங்களைத் தெரிந்தவர்கள் தேடி எடுத்துக்கொள்வார்கள். இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கும் ஒருவர் தேட மாட்டார்.

லேண்டிங் பேஜ் அந்த முன்பின் தெரியாத ஒருவருக்காக எழுதுவது. ஒரே வகுப்பு, ஒரே இடத்தில் முழு விபரம், கடைசியில் அவர் செய்ய வேண்டியது ஒரே ஒரு காரியம். அந்த அக்கா கேக்கும் செய்து விற்கிறார், தையலும் சொல்லிக் கொடுக்கிறார். ஆரிப் பக்கத்தில் இரண்டையும் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேலே இருந்த மெனுவையும் எடுத்துவிட்டோம், பேஸ்புக் இலச்சினையையும் எடுத்துவிட்டோம். ஆரி பற்றி வாசித்துக்கொண்டிருந்தவர் அதை அழுத்தி வெளியே போனால் அங்கே கேக் படம் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்.

சரி, எதை முதலில் எழுதுவது, எதைப் பிறகு?

வாசிப்பவரின் மனதில் கேள்விகள் எழும் வரிசையில் எழுதுங்கள். சாம்பல்தீவில் இருந்து டவுனுக்கு வேலைக்கு வரும் ஒரு தங்கச்சி பஸ்ஸில் இருந்தபடி உங்கள் விளம்பரத்தை அழுத்துகிறார் என்று வையுங்கள். முதலில் அவர் பார்ப்பது, நான் அழுத்திய விடயம்தானா இது என்று. அதற்குத் தலைப்பும் முதல் படமும் பதில் சொல்ல வேண்டும். அடுத்து, எனக்கு ஊசியே பிடிக்கத் தெரியாதே, இது என் போன்றவர்களுக்கா என்ற யோசனை வரும். அதைத் தலைப்புக்குக் கீழே உள்ள சிறு வரி தீர்க்கும். பிறகுதான் என்ன படிப்பேன், யார் படிப்பிப்பது, படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், எவ்வளவு காசு, எந்த நாள், எங்கே என்று போகும்.

பலரும் பக்கத்தை “எம்மைப் பற்றி” என்று தொடங்கி, எந்த ஆண்டு ஆரம்பித்தோம், என்ன சான்றிதழ் வைத்திருக்கிறோம் என்று எழுதுகிறார்கள். அந்த விபரம் தேவைதான். ஆனால் இந்த வகுப்பில் தனக்கு என்ன கிடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் படிப்பிப்பவர் யார் என்ற அக்கறை வரும். அக்காவின் சான்றிதழை நடுப்பகுதிக்கு, நாள்வாரியான பாடத்துக்குப் பிறகு நகர்த்தினோம்.

தலைப்பில் என்ன போடணும்?

வகுப்பு முடியும் நாளில் படித்தவரின் கையில் என்ன இருக்கும் என்பதைப் போடுங்கள்.

அக்காவின் முதல் பக்கத்தில் வகுப்பின் பெயரும் “உங்களை அன்புடன் வரவேற்கிறது” என்ற வரியும் இருந்தன. வகுப்பின் பெயர் வெளியே யாருக்கும் தெரியாது, ஆகவே அந்த வரி யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை “உங்கள் திறமைக்குச் சிறகு கொடுங்கள்” என்று எழுதினோம். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அதே வரியை ஒரு நடன வகுப்பும் போடலாம், கணினி வகுப்பும் போடலாம். உங்கள் தலைப்பை வேறொரு தொழிலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அது உங்கள் தலைப்பு அல்ல.

மூன்றாவது தடவை நான் அக்காவிடம் கேட்டேன், “கடைசி வகுப்பு முடிஞ்சு பிள்ளைகள் வீட்டுக்குப் போகேக்க என்ன கொண்டு போவாங்க அக்கா?” அவர் யோசிக்கவே இல்லை. “கழுத்துக்கும் கைக்கும் வேலை செய்த ஒரு பிளவுஸ்” என்றார். தலைப்பு அங்கேயே கிடைத்துவிட்டது:

“8 சனிக்கிழமைகளில் உங்கள் சாறி பிளவுஸுக்கு நீங்களே ஆரி வேலை செய்யலாம்.”

அதன் கீழே சிறிய எழுத்தில்: “ஊசி பிடித்தே பழக்கம் இல்லாதவர்களுக்கு. உவர்மலையில், பெண்களுக்கு மட்டும், ஒரு வகுப்பில் 8 பேர்.” தலைப்பு என்ன கிடைக்கும் என்று சொல்கிறது. கீழ் வரி யாருக்கு, எங்கே, எப்படி என்று சொல்கிறது. இரண்டையும் ஒரே வரியில் திணிக்காதீர்கள். தமிழில் சொற்கள் நீளமானவை, போன் திரையில் தலைப்பு ஐந்து வரிக்கு ஓடி முதல் படத்தையே கீழே தள்ளிவிடும். கணினியில் எழுதிவிட்டு அப்படியே விடாமல் ஒரு சிறிய போனில் திறந்து பாருங்கள்.

இன்னொன்று. “மாதம் இவ்வளவு உழைக்கலாம்” என்று தலைப்பில் போடச் சொல்லி அக்காவுக்குச் சிலர் யோசனை சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார், அது சரியான முடிவு என்று நானும் நினைக்கிறேன். எட்டு நாளில் ஒருவரின் கை எவ்வளவு பழகும் என்று அக்காவுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவருக்கு எத்தனை ஓடர் வரும் என்பது அக்காவின் கையில் இல்லை.

விளம்பரத்தில் ஒரு படம், பக்கத்தில் வேறு படம். பரவாயில்லையா?

வேண்டாம். அழுத்தியவர் எதைப் பார்த்து அழுத்தினாரோ அதுவே பக்கத்தின் மேலே இருக்க வேண்டும். விளம்பரத்தில் சிவப்புப் பிளவுஸின் மயில் வேலையைக் காட்டிவிட்டு, பக்கத்தில் எல்லாரும் வரிசையாக நிற்கும் குழுப்படம் போட்டால், வேறு எங்கேயோ வந்துவிட்டோம் என்று நினைத்துப் பின்னால் போய்விடுவார்கள். விளம்பரத்தில் உள்ள சொற்களையும் தலைப்பில் திரும்பப் பயன்படுத்துங்கள். அங்கே “ஆரி வேலை” என்றால் இங்கே “எம்பிராய்டரி” என்று மாற்றாதீர்கள்.

பாடத்திட்டம் முழுதையும் போடவா?

போடுங்கள், ஆனால் தையல்களின் பெயர்ப் பட்டியலாக அல்ல. “செயின் தையல், நொட் தையல், மணி வேலை, சர்தோசி” என்று எழுதினால் தெரிந்தவருக்குத்தான் விளங்கும், அவருக்கு இந்த வகுப்பே தேவையில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கை என்ன செய்யும் என்று எழுதுங்கள்.

முதல் நாளுக்கு அக்கா சொன்னதை அப்படியே போட்டோம். “துணியைச் சட்டத்தில் மேளத் தோல் மாதிரி இறுக்கிக் கட்டப் பழகுவோம். ஒரு கை துணிக்குக் கீழே நூலைப் பிடிக்கும், மற்றக் கை மேலே இருந்து கொக்கி ஊசியை இறக்கி நூலை வளையமாக மேலே எடுக்கும். அன்று முழுக்க நூல் கொக்கியில் இருந்து நழுவிக்கொண்டேதான் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான், இரண்டாவது சனி பிடிபடும்.”

இந்தக் கடைசி இரண்டு வரியும் பக்கத்துக்கு நிறைய உதவின. தனக்கு வராது என்று பயப்படுகிறவர்தான் அதிகம் தயங்குவார். எங்கே தடுமாறுவார், எப்போது சரியாகும் என்று முன்கூட்டியே சொன்னால், படிப்பிப்பவருக்கு வேலை தெரியும் என்ற நம்பிக்கையும் வருகிறது. எட்டு நாளையும் இதே நீளத்தில் எழுத வேண்டாம். முதல் நாள், நடுவில் ஒரு நாள், கடைசி நாள் விரிவாக இருந்தால் போதும், மற்றவை ஒவ்வொரு வரி.

விலையைப் போட்டா ஆக்கள் பயந்து போயிடுவாங்களே?

சிலர் போவார்கள். அவர்கள் இன்பொக்ஸில் விலை கேட்ட பிறகும் போகத்தான் போகிறார்கள், உங்கள் நேரத்தையும் எடுத்துக்கொண்டு.

விலை போடாத காலத்தில் அக்காவுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது மெசேஜ் வரும். எல்லாம் “எவ்வளவு?” என்ற ஒரே சொல். சமைத்துக்கொண்டும் வகுப்பு நடத்திக்கொண்டும் ஒவ்வொருவருக்கும் பதில் போடுவார். நீல டிக் விழும், அதற்கு மேல் ஒன்றும் வராது. விலையைப் பக்கத்தில் போட்டதும் மெசேஜ் நாலைந்தாகக் குறைந்தது. முதல் இரண்டு நாளும் அவர் பயந்து எனக்கு எடுத்தார். நான் வந்த மெசேஜ்களை வாசித்துக் காட்டச் சொன்னேன். ஒருவர் எந்தச் சனி தொடங்கும் என்று கேட்டிருந்தார், இன்னொருவர் தங்கையையும் கூட்டி வரலாமா என்று. காசு தெரிந்து, யோசித்து முடித்த பிறகு கேட்கும் கேள்விகள் அவை.

எப்படிப் போடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். முதலில் “கட்டணம் 18,000 ரூபா” என்று மட்டும் போட்டிருந்தோம். சேர்ந்த பிறகுதான் சட்டம், ஊசி, நூல், மணிக்கு இன்னொரு 4,500 என்று தெரிய, ஒருவர் மனவருத்தத்தோடு நின்றுவிட்டார். இப்போது பக்கத்தில் இருப்பது இது: “எல்லாம் சேர்த்து 22,500 ரூபா. சட்டமும் ஊசிகளும் உங்களுக்கே சொந்தம். கடைசி வாரத்துக்கான பிளவுஸ் துணி மட்டும் நீங்கள் கொண்டு வர வேண்டும். முதல் வகுப்பில் 12,500, ஐந்தாவது வகுப்பில் 10,000.” தொகை பெரிதாகியிருக்கிறது, ஆனால் பிறகு கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

விலை நிற்க வேண்டிய இடம் பாடத்துக்கும் படித்தவர்களின் வேலைக்கும் பிறகு. தலைப்புக்கு அடுத்தே போட்டால் எதற்கு இந்தக் காசு என்று அவருக்கு இன்னும் தெரிந்திருக்காது.

படிச்ச பிள்ளைகளின் கருத்துப் போடலாம் தானே?

கட்டாயம் போடுங்கள். ஆனால் “நல்ல வகுப்பு, நன்றி மிஸ்” என்பது ஒன்றும் செய்யாது. அது மரியாதைக்குச் சொல்வது என்று வாசிப்பவருக்குத் தெரியும். படித்தவரிடம் மூன்று விடயம் கேளுங்கள்: சேர முதல் என்ன தயக்கம் இருந்தது, எந்த வகுப்பில் கை பிடிபட்டது, இப்போது கடைசியாக என்ன தைத்தீர்கள். கிடைக்கும் பதிலை அவர் பேசியபடியே போடுங்கள், திருத்தி அழகாக்க வேண்டாம்.

கருத்தைவிடப் பலமானது படம். அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது, முதல் நாள் பழகிய துணியை யாரையும் எறிய விடமாட்டார். அதில் ஒருவரின் துணியையும் அவரே எட்டாவது நாள் செய்த வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். முதல் துணியில் ஒரு வளையம் நெல்லு அளவு, அடுத்தது கடுகு அளவு, நடுவில் நூல் பிரிந்து நார் நாராக நிற்கும், கோடு நேரே போய்க் கரையில் சரிந்துவிடும். எட்டாவது நாள் கழுத்தில் எல்லா வளையமும் ஒரே அளவில் வளைந்து போகும். இந்தப் படத்துக்குக் கீழே “அதே கை, 7 வாரம் கழித்து” என்று மட்டும் எழுதினோம்.

முகம் போட விரும்பாத பெண்கள் நம் ஊரில் நிறையப் பேர். கையும் வேலையும் தெரிந்தால் போதும், முகம் தேவையே இல்லை. எதைப் போட்டாலும் கேட்டுவிட்டுப் போடுங்கள். இன்னும் யாரும் படித்து முடிக்கவில்லை என்றால் உங்கள் சொந்த வேலையைக் காட்டி, இது முதல் வகுப்பு என்று உள்ளபடியே எழுதுங்கள்.

“இன்று மட்டும் சலுகை”, ஓடுகிற மணிக்கூடு, இதெல்லாம் வைக்கலாமா?

உண்மையாக இருந்தால் மட்டும். எட்டுச் சட்டம்தான் வைக்க இடம் இருக்கிறது, ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள் என்றால் “இன்னும் 2 இடம்” என்று எழுதலாம், எழுதத்தான் வேண்டும். இல்லாத அவசரத்தை உண்டாக்காதீர்கள். இது சின்ன ஊர். 22,500 கட்டியவரும், “இன்று மட்டும்” என்றதைப் பார்த்து விட்டுவிட்டு அடுத்த மாதமும் அதே விலையைப் பார்த்தவரும் ஒரே சந்தையில் சந்தித்துக்கொள்வார்கள்.

பட்டனில் என்ன எழுதுறது? எத்தனை பட்டன் வைக்கிறது?

அழுத்தினால் என்ன நடக்குமோ அதை எழுதுங்கள். “சமர்ப்பி” என்பது அலுவலகச் சொல். “மேலும் அறிய” என்றால் எங்கே போகும் என்று தெரியாது. “இப்போதே பதிவுசெய்யுங்கள்” என்றால் உடனே காசு கட்டச் சொல்லுமோ என்ற பயம் வரும். அக்காவின் பக்கத்தில் இருப்பது “சனி வகுப்பில் இடம் இருக்கா என்று கேளுங்கள்”. அதன் கீழே சிறிதாக: “வட்ஸ்அப் திறக்கும். அக்காவே அன்றைக்குள் பதில் போடுவார். இப்போது காசு கட்டத் தேவையில்லை.”

காரியம் ஒன்றுதான், ஆனால் பட்டன் மூன்று இடத்தில் வரலாம்: தலைப்புக்குக் கீழே, விலைக்குக் கீழே, பக்கத்தின் கடைசியில். மூன்றும் ஒரே நிறம், அந்த நிறம் பக்கத்தில் வேறு எங்கும் வரக்கூடாது. எந்த நிறம் என்பது அவ்வளவு முக்கியமில்லை.

வட்ஸ்அப் இணைப்பை இப்படி எழுதலாம்:

```
https://wa.me/9477XXXXXXX?text=ஆரி%20சனி%20வகுப்பில்%20இடம்%20இருக்கா%3F
```

உங்கள் இலக்கத்தின் முதல் 0 போய் 94 வரும். கூட்டல் குறியோ இடைவெளியோ இருக்கக்கூடாது. செய்தியில் ஒவ்வொரு இடைவெளிக்கும் `%20`, கேள்விக்குறிக்கு `%3F`. அழுத்தினால் இந்தச் செய்தி எழுதப்பட்ட நிலையிலேயே வட்ஸ்அப் திறக்கும், அவர் அனுப்பினால் போதும். என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடிவிடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

இதில் இன்னொரு பயனும் உண்டு. மூன்று பட்டனுக்கும் செய்தியைக் கொஞ்சம் மாற்றி வையுங்கள். மேலே உள்ளதில் “ஆரி வகுப்பு பற்றிக் கேட்க வேண்டும்”, விலைக்குக் கீழே “இடம் இருக்கா?”, கடைசியில் “எப்போது தொடங்கும்?” என்று வைத்தோம். வரும் செய்தியைப் பார்த்தாலே அவர் எதுவரை வாசித்துவிட்டு அழுத்தினார் என்று தெரிந்துவிடும். வட்ஸ்அப் இல்லாத அம்மாமாருக்காகக் கடைசிப் பட்டனுக்குக் கீழே `tel:+9477XXXXXXX` என்ற இணைப்போடு தொலைபேசி இலக்கத்தையும் போடுங்கள்.

படிவம் வைக்கவா?

வகுப்புக்குத் தேவையில்லை. வைத்தே ஆக வேண்டும் என்றால் பெயரும் தொலைபேசி இலக்கமும் மட்டும் கேளுங்கள். அடையாள அட்டை இலக்கம், விலாசம் எல்லாம் முதல் வகுப்பில் எழுதி வாங்கலாம்.

லீஃப்லெட்டுக்கு அடிச்ச எழுத்தை அப்படியே ஒட்டினா ஏன் இங்கிலீஷ் எழுத்தா வருது?

அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அது வெளியே தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துத்தான். பக்கத்தில் ஒட்டினால் திருகோணமலை `jpUNfhzkiy` என்று நிற்கும். பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பிழை திருத்துங்கள்.

லீஃப்லெட்டையே படமாகப் போட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து போனில் கடுகு மாதிரித் தெரியும், பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசிக்க யாருக்கும் பொறுமை இல்லை. போனில் எடுத்த படங்களை 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிவிட்டுப் போடுங்கள். எடுத்த அளவிலேயே போட்டால் ஒவ்வொன்றும் சில எம்பி வரும், டேட்டா குறைந்த போனில் தலைப்புக்குக் கீழே வெறும் வெள்ளை நிற்கும்.

பக்கம் சரியா வேலை செய்யுதா எண்டு எப்படித் தெரியும்?

வெளியிட முதல், வகுப்பைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்து ஐந்து விநாடி காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இது என்ன, யாருக்கு, என்ன செய்யச் சொல்கிறது என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் திரையின் மேல் பகுதியைத் திருத்த வேண்டும்.

வெளியிட்ட பிறகு எங்கே அறுகிறது என்று பாருங்கள். நிறையப் பேர் வருகிறார்கள், யாரும் அழுத்தவில்லை என்றால் விளம்பரத்துக்கும் தலைப்புக்கும் பொருந்தவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். அழுத்துகிறார்கள், நீங்கள் பதில் போட்டதும் காணாமல் போகிறார்கள் என்றால், பக்கத்தில் இல்லாத ஏதோ ஒன்றை உங்கள் பதிலில்தான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். இரண்டு தலைப்பை ஒரே நேரத்தில் ஓடவிட்டு ஒப்பிடும் முறை பெரிய கடைகளுக்குச் சரி. வாரத்துக்கு ஐம்பது, நூறு பேர் வரும் பக்கத்தில் இரண்டு மெசேஜ் கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே நடக்கும். ஒன்றை மாற்றி, இரண்டு மூன்று வாரம் விட்டு, மெசேஜ்களை வாசியுங்கள். தொடக்கத் திகதியையும் மறவாமல் மாற்றுங்கள். போன மாதத் திகதி நிற்கும் பக்கத்தைப் பார்த்தால் வகுப்பு நின்றுவிட்டது என்றே நினைப்பார்கள்.

ஒரே கேள்வி மூன்று பேரிடம் இருந்து வந்தால் அதற்கான பதில் பக்கத்தில் இல்லை, அல்லது கண்ணில் படும் இடத்தில் இல்லை. அக்காவுக்கு ஒரு வாரத்தில் மூதூரில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் மூன்று பேர் ஒரே விடயம் கேட்டார்கள்: வகுப்பு முடிய பஸ் பிடிக்கலாமா, பொழுதுபடுவதற்குள் வீட்டுக்குப் போகலாமா? அதுவரை பக்கத்தில் தொடங்கும் நேரம் மட்டும்தான் இருந்தது. தலைப்புக்குக் கீழே உள்ள வரியில் “காலை 9.30 முதல் பிற்பகல் 3.00 வரை” என்று சேர்த்தோம். விலாசத்துக்குப் பக்கத்தில் “தூர இடத்தவர்கள் பஸ்ஸுக்கு ஏற்ற மாதிரி அரை மணி முந்தியும் போகலாம், விட்ட பகுதியை அடுத்த சனி சொல்லித் தருவேன்” என்று அக்கா தன் வாயால் சொன்னதை எழுதினோம். அடுத்த வகுப்பில் மூதூரில் இருந்து இருவர் சேர்ந்தார்கள். மூன்று மணி ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போதே சட்டத்தை எடுத்து வைத்துவிடுவார்கள்.